பீட்டா அப்படியே இருக்கிறது, காப்பு மட்டும் போய்விட்டது

நம்மில் பலர் கடை லாபத்தில் ஒரு பகுதியைப் பங்குகளில் போட்டிருக்கிறோம். சந்தை சரியும் என்று பயம் வந்தால், பங்குகளை விற்காமல் நிஃப்டி பியூச்சர்ஸை விற்று வைப்பவர்களும் உண்டு. பங்கில் வரும் நஷ்டத்தை அந்த லாபம் ஈடுகட்டும் என்பது கணக்கு. இதைத்தான் ‘ஹெட்ஜ்’ என்கிறார்கள். இது வேலை செய்கிறதா என்று அறிய இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்.

நிஃப்டி 1 சதவீதம் அசைந்தால் நம் பங்குகள் சராசரியாக எத்தனை சதவீதம் அசைகின்றன என்பது பீட்டா. இரண்டும் எவ்வளவு ஒட்டி நடக்கின்றன என்பது ஒட்டுறவு எண். முழுதும் ஒட்டினால் 1, தொடர்பே இல்லையென்றால் 0.

எக்செல் தாளில் B வரிசையில் நம் பங்குகளின் தினசரி சதவீத மாற்றத்தையும், C வரிசையில் நிஃப்டியின் மாற்றத்தையும் எழுதுங்கள். விலையை எழுதக் கூடாது. 60 நாள் சேர்ந்ததும் இவ்வாறு போடுங்கள்:

```
=SLOPE(B2:B61,C2:C61)
=CORREL(B2:B61,C2:C61)
```

முதலாவது பீட்டா, அடுத்தது ஒட்டுறவு. சூத்திரத்தைக் கீழே இழுத்தால் தினமும் பழைய நாள் ஒன்று கழிந்து புது நாள் ஒன்று சேரும்.

ஓர் உதாரணம். பங்குகள் 20 லட்ச ரூபாய், பீட்டா 1.2. ஆகவே 24 லட்சத்துக்கு பியூச்சர்ஸ் விற்கிறோம். பங்குகளின் தினசரி ஆட்டம் 1.5 சதவீதம், அதாவது 30,000 ரூபாய். நிஃப்டியின் ஆட்டம் 1 சதவீதம். ஒட்டுறவு 0.8. அதை அதனாலேயே பெருக்கினால் 0.64, 1-இலிருந்து கழித்தால் 0.36, அதன் வர்க்கமூலம் 0.6. ஹெட்ஜுக்குப் பிறகும் 60 சதவீத ஆட்டம், 18,000 ரூபாய், மிஞ்சுகிறது.

சில மாதம் கழித்து நிஃப்டி அப்படியே இருக்க, பங்குகள் தம் சொந்தக் காரணங்களால் 2.4 சதவீதம் ஆடுகின்றன, ஒட்டுறவு 0.5 ஆகிறது. பீட்டா என்பது ஒட்டுறவை இரு ஆட்டங்களின் விகிதத்தால் பெருக்கியது. 0.5-ஐ 2.4-ஆல் பெருக்கினால் அதே 1.2! பீட்டாவை மட்டும் பார்ப்பவர் நிம்மதியாக இருப்பார். ஆனால் ஆட்டம் 48,000. ஹெட்ஜ் போக மிஞ்சுவது ஏறக்குறைய 41,500. மார்ஜின் பணம் முடங்கியதுதான் மிச்சம்.

ஆகவே ஒட்டுறவு உயரத்தில் நின்று பீட்டா மட்டும் மாறினால், பியூச்சர்ஸ் அளவைத் திருத்தினால் போதும். ஒட்டுறவு விழுந்தால் அளவைத் திருத்திப் பயனில்லை. எந்தப் பங்கு தனி வழி போகிறது என்று பார்த்து, அதைத்தான் குறைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஏறத்தாழ 13 சதவீதம் விழுந்தது. அப்படி எல்லாம் சேர்ந்து விழும் ஒரு நாள் கணக்கில் இருந்தால், 60 நாளும் ஒட்டுறவு உயர்ந்தே தெரியும். அந்த நாளை நீக்கிவிட்டும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். அப்போது வரும் எண்தான் சாதாரண நாட்களின் நிலையைக் காட்டும்.