ஐந்து வேலை, ஒரு பத்தி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் வேலை பார்க்கும் டிப்ளமோக்காரர்கள் பலருடைய ரெஸ்யூம் ஒரே மாதிரி இருக்கும். இருபத்தைந்து வயதுக்குள் நான்கைந்து கம்பெனி பெயர்கள், ஒவ்வொன்றிலும் ஏழு மாதம், பதினொரு மாதம். இவர்கள் பொறுமையில்லாமல் தாவியவர்கள் அல்ல. அங்கே வேலை கிடைக்கும் விதமே அப்படி. முதலில் ஒரு வருடம் அப்ரன்டிஸ், பிறகு ஒரு கான்ட்ராக்டர் மூலமாகச் சில மாதங்கள், அந்த ஒப்பந்தம் முடிந்ததும் இன்னொரு கான்ட்ராக்டர். ஹெச்.ஆரில் இருப்பவருக்கும் இது தெரியும். ஆனால் மேஜையில் குவிந்திருக்கும் ரெஸ்யூம்களுக்கு நடுவில், ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து அவர் காரணம் யோசிக்க மாட்டார். தேதிகளை மட்டும் பார்ப்பார், ‘நிலையில்லாத ஆள்’ என்று ஒதுக்கிவிடுவார்.

அவர் தேதிகளுக்குப் போவதற்கு முன் படிப்பது, பெயருக்குக் கீழே இருக்கும் மூன்று நான்கு வரிகளைத்தான். ப்ரொஃபைல் சம்மரி என்பார்கள். பெரும்பாலானோர் அந்த இடத்தில் ‘புகழ்பெற்ற நிறுவனத்தில் சவாலான பணியில் சேர்ந்து என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்’ என்று எழுதிவிடுகிறார்கள். கல்லூரியில் யாரோ கொடுத்த மாதிரித் தாளிலிருந்து வந்த வாக்கியம் அது. எவர் ரெஸ்யூமிலும் பொருந்தும் என்பதால் இவரைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

ஓர் உதாரணம் வைத்துப் பார்க்கலாம். இது நானே அமைத்தது. ஆனால் அந்தப் பக்கத்து ஆட்கள் படித்தால் தங்கள் கதை என்றே நினைப்பார்கள். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த ஒரு பெண். ஆகஸ்ட் 2020 முதல் ஜூலை 2021 வரை ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் அப்ரன்டிஸ். வெளியிலிருந்து வரும் பாகங்களை வெர்னியரும் கேஜும் வைத்துச் சோதிக்கும் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. செப்டம்பர் 2021 முதல் ஜூலை 2022 வரை வேறொரு தொழிற்சாலையில், கான்ட்ராக்டர் பே ரோலில் லைன் இன்ஸ்பெக்டர். ஆகஸ்ட் 2022 முதல் பிப்ரவரி 2023 வரை அதே தொழிற்சாலை, அதே லைன். கான்ட்ராக்டர் மட்டும் மாறிவிட்டார். மே முதல் டிசம்பர் 2023 வரை அம்பத்தூரில் ஒரு சிறிய மெஷினிங் பட்டறை, அங்கே க்யூ.சி. என்றாலே இவர் ஒருவர்தான், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டும் அளவுக் கருவிகளின் கேலிப்ரேஷன் பதிவும் இவர் பொறுப்பு. ஆர்டர் குறைந்து ஆட்குறைப்பு செய்தார்கள். பிப்ரவரி 2024 முதல் மார்ச் 2025 வரை ஓசூரில், வாடிக்கையாளர் புகார் வந்தால் காரணம் கண்டுபிடித்து 8டி ரிப்போர்ட் தயாரிக்கும் குழுவில்.

கம்பெனி பெயர்களை விரலால் மூடிக்கொண்டு வேலையை மட்டும் படித்துப் பாருங்கள். முதலில் வாசலில் வரும் பொருளைச் சோதித்தார். பிறகு லைனில் ஓடும் பொருளை. பிறகு வெளியே போகும் பொருளை. கடைசியில், வெளியே போய்த் திரும்பி வந்த பொருள் ஏன் கெட்டது என்று தேடினார். ஒரு பெரிய கம்பெனியின் தரப் பிரிவில் ஒரே இடத்தில் இருந்திருந்தால், இந்த நான்கையும் இவ்வளவு சீக்கிரம் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். சம்மரி சொல்ல வேண்டியது இதைத்தான். ரெஸ்யூமில் ஆங்கிலத்தில் எழுதுவார். அதன் பொருள் இப்படி இருக்கும்:

“வாகன உதிரிபாகங்களின் தரப் பரிசோதனையில் அப்ரன்டிஸ் காலம் உட்பட நான்கு ஆண்டுகளுக்கு மேல் அனுபவம். இன்கமிங், லைன், ஃபைனல் என மூன்று நிலைகளிலும் சோதித்தபின், கடந்த 14 மாதங்கள் வாடிக்கையாளர் புகார்களுக்குக் காரணம் கண்டறியும் பணி. பணிகளில் இரண்டு, கான்ட்ராக்ட் அடிப்படையில் ஒரே தொழிற்சாலையில் தொடர்ந்து 18 மாதங்கள். சப்ளையர் தர மேம்பாட்டுப் பணியைத் தேடுகிறேன்.”

இந்தப் பத்தியில் ‘ஐந்து கம்பெனி’ என்ற எண்ணிக்கை இல்லை. ஆனால் எதுவும் மறைக்கப்படவும் இல்லை; கீழே ஐந்தும் மாதம், வருடத்தோடு இருக்கின்றன. ‘அடிக்கடி மாறினாலும்’ என்று தொடங்கும் சமாதானமும் கிடையாது. படிப்பவர் மனதில் இன்னும் எழாத சந்தேகத்தை நாமே ஏன் எழுப்ப வேண்டும்? கடைசி வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் முக்கியமானது அதுதான். அடுத்து எங்கே போகிறார் என்று சொன்னதும், அதற்கு முந்தைய நான்கு நிலைகளும் அந்த வேலைக்கான தயாரிப்பாகத் தெரியத் தொடங்குகின்றன. சப்ளையரிடம் போய்த் தரம் பார்க்கிறவருக்கு இந்த நான்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கீழே பட்டியலில் இரண்டாவது, மூன்றாவது வேலைகளைத் தனித்தனிக் கம்பெனிகளாகப் போடக் கூடாது. தொழிற்சாலையின் பெயரைத் தலைப்பாக வைத்து, செப்டம்பர் 2021 – பிப்ரவரி 2023 என்று ஒரே காலமாக எழுதி, அடியில் ‘பே ரோல்: இன்ன கான்ட்ராக்டர், 11 மாதம்; இன்ன கான்ட்ராக்டர், 7 மாதம்’ என்று இருவர் பெயரையும் போட வேண்டும். ஐந்து வரி நான்காகிவிடும், உண்மையும் அதுதான்.

கான்ட்ராக்டர் பெயரை விட்டுவிட்டுத் தொழிற்சாலையின் பெயரை மட்டும் போடுகிறவர்கள் உண்டு. பெரிய பெயர் என்பதால் அப்படிச் செய்யத் தோன்றும். வேலை கிடைக்கிற கட்டத்தில் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சரிபார்ப்பவர்கள் தொழிற்சாலையில் விசாரித்தால், ‘இந்தப் பெயரில் எங்கள் பணியாளர் யாரும் இல்லை’ என்று பதில் வரும். பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியிலும் கான்ட்ராக்டரின் நிறுவனப் பெயர்தான் இருக்கும். நேர்மையாக வேலை பார்த்தவர் பொய் சொன்னவராகிவிடுவார்.

அதனால் சம்மரி எழுத உட்காரும் முன்பே இ.பி.எஃப்.ஓ. தளத்தில் யு.ஏ.என். எண்ணோடு நுழைந்து, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று பார்த்துவிட வேண்டும். விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பதியாமல் விட்டிருந்தால், இரண்டு வேலையை ஒரே நேரத்தில் பார்த்த மாதிரித் தெரியும். கடைசிப் பி.எஃப். தொகை கட்டி இரண்டு மாதம் கழிந்தபின் அதை உறுப்பினரே பதியும் வசதி இருக்கிறது. அப்ரன்டிஸ் சட்டப்படி எடுக்கப்பட்டவர்களுக்குப் பி.எஃப். கிடையாது, அந்த ஒரு வருடம் அந்தப் பட்டியலில் வராது. அதற்குச் சான்றிதழ்தான் ஆதாரம் என்பதால் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

எல்லோருடைய வேலைகளும் இப்படி ஒரே நூலில் கோத்துவிடக் கூடியவை அல்ல. இதே பெண் நடுவில் இரண்டு மாதம் ஒரு கால் சென்டரில் இருந்திருந்தால், ‘வாடிக்கையாளர் தொடர்புத் திறன்’ என்று அதையும் சம்மரிக்குள் இழுத்துவரத் தோன்றும். வேண்டாம். அங்கே தேதியோடு ஒரு வரி எழுதினால் போதும். பொருந்தாத ஒன்றை வலிந்து சேர்த்தால், பொருந்துகிற நான்கின் மீதும் சந்தேகம் விழும். எழுதி முடித்ததும் சம்மரியின் ஒவ்வொரு சொற்றொடருக்கும் கீழே எந்த வேலை ஆதாரம் என்று பென்சிலால் கோடு இழுத்துப் பார்க்கலாம். கோடு போய்ச் சேர இடமில்லாத சொற்றொடரை அடித்துவிட வேண்டும். ‘கடின உழைப்பாளி’, ‘குழுவாகச் செயல்படுபவர்’ போன்றவை பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும்.

நேர்காணலில் ‘அம்பத்தூரை ஏன் எட்டு மாதத்தில் விட்டீர்கள்?’ என்று நிச்சயம் கேட்பார்கள். ‘ஆர்டர் குறைந்து ஆட்களைக் குறைத்தார்கள் சார். அங்கே ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் முழுக்க நான்தான் பார்த்தேன், அதை வைத்துத்தான் ஓசூரில் புகார்க் குழுவில் எடுத்தார்கள்’ என்று இரண்டு வாக்கியத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பழைய முதலாளியின் குறைகளுக்குள் போக வேண்டியதில்லை. பேச்சு ஓசூருக்கு வந்துவிட்டால் அடுத்த கேள்வி 8டி ரிப்போர்ட்டைப் பற்றித்தான் இருக்கும்.