ஹிந்தி வினையில் ஆண், பெண், பன்மை

தமிழில் ‘வருகிறான்’, ‘வருகிறாள்’ என்று படர்க்கையில்தான் வினை பால் காட்டும். ‘நான் போகிறேன்’ என்பதை ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி சொல்லலாம். ஹிந்தியில் அது நடக்காது. ஆண் ‘மைங் ஜாத்தா ஹூங்’ என்பார், பெண் ‘மைங் ஜாத்தீ ஹூங்’ என்பார். ஆண் ஆசிரியர் சொன்னதைப் பெண்கள் அப்படியே திருப்பிச் சொல்லிப் பழகிவிடுவதால், முதல் தவறு பெரும்பாலும் இங்கேதான் விழுகிறது.

‘ஜாத்தா’ என்பது பழைய எச்சத்திலிருந்து வந்த வடிவம். அதனால் அது பெயரடை போலவே மாறும். ‘அச்சா லட்கா, அச்சே லட்கே, அச்சீ லட்கீ’ என்பதைப் போலத்தான் ‘ஜாத்தா, ஜாத்தே, ஜாத்தீ’. யார் போகிறார் என்பதைப் பின்னால் வரும் துணைவினை சொல்கிறது: நானுக்கு ஹூங், ஒருமைக்கு ஹை, பன்மைக்கு ஹைங்.

லட்கா ஜாத்தா ஹை. (பையன் போகிறான்)
லட்கே ஜாத்தே ஹைங். (பையன்கள் போகிறார்கள்)
லட்கீ ஜாத்தீ ஹை. (பெண் போகிறாள்)
லட்கியாங் ஜாத்தீ ஹைங். (பெண்கள் போகிறார்கள்)

கடைசி இரண்டையும் கவனியுங்கள். ‘ஜாத்தீ’ மாறவே இல்லை. வினையில் பன்மையைக் காட்டுவது ‘ஹைங்’கின் மூக்கொலி மட்டுமே. நாம் அதை விழுங்கிவிட்டால் பல பெண்கள் ஒருத்தியாகிவிடுவார்கள். எதிர்மறையில் துணைவினையை விட்டுவிடும் வழக்கம் உண்டு. அப்போது அந்த மூக்கொலி முன்னால் தாவி எச்சத்தின்மேல் ஏறிக்கொள்ளும்: ‘லட்கியாங் நஹீங் ஜாத்தீங்.’

எதிர்காலத்தில் வரிசை தலைகீழ். முதலில் ஆள், கடைசியில் பால். ‘ஜாயே’ என்பதோடு கா, கே, கீ சேரும். இந்தக் ‘கா’வும் ‘போன’ என்று பொருள்படும் ‘கத’ என்ற வடசொல்லிலிருந்து வந்ததே. அதனால்தான் அதுவும் பால் காட்டுகிறது.

லட்கா ஜாயேகா. லட்கே ஜாயேங்கே.
லட்கீ ஜாயேகீ. லட்கியாங் ஜாயேங்கீ.
மைங் ஜாவூங்கா (ஆண்), மைங் ஜாவூங்கீ (பெண்).

பெண்பாலில் பன்மையைப் பிரித்துக் காட்டுவது இங்கேயும் மூக்கொலிதான்.

மரியாதைக்குப் பன்மை போடுவது நமக்குப் பழக்கமானதே. ‘பிதாஜீ ஜாத்தே ஹைங்’, ‘மாதாஜீ ஜாத்தீ ஹைங்.’ ஆணும் பெண்ணும் சேர்ந்து போனால் ஆண்பால் பன்மை: ‘லட்கா ஔர் லட்கீ ஜாத்தே ஹைங்.’

நம் ‘அது’வுக்குத்தான் அங்கே இடமில்லை. உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால் அல்லது பெண்பால் உண்டு, சொல்லின் கடைசி எழுத்தை நம்பவும் முடியாது. ‘பானீ’ (தண்ணீர்) ஈகாரத்தில் முடிந்தாலும் ஆண்பால், ‘பஸ்’ பெண்பால். எனவே எந்தப் பெயர்ச்சொல்லையும் தனியாகப் படிக்காமல் ஒரு வினையோடு சேர்த்தே படியுங்கள்: ‘பானீ ஆத்தா ஹை’, ‘பஸ் ஆத்தீ ஹை.’

இந்த இரண்டையும், ‘மாதாஜீ ஜாத்தீ ஹைங்’ என்பதையும் எதிர்காலத்துக்கு மாற்றிப் பாருங்கள். ‘பானீ ஆயேகா’, ‘பஸ் ஆயேகீ’, ‘மாதாஜீ ஜாயேங்கீ’ என்று வந்தால் சரி.