கல் அறுப்பவரும் நர்ஸும் சுவாசிக்கும் காற்று

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் இன்று உளிச் சத்தத்தோடு போட்டி போட்டு கிரைண்டர் அலறுகிறது. உளி கல்லைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும்; கிரைண்டர் அதை மாவாக்கிவிடும். முகத்திலும் புருவத்திலும் படியும் வெள்ளைப் புழுதியைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தப் புழுதியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியேறிவிடும். நுரையீரலின் அடி ஆழம் வரை போவது கண்ணுக்கே தெரியாத தூள். ஒரு மில்லிமீட்டரை இருநூற்றைம்பது கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் அதன் அளவு. கருங்கல்லில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் என்ற சிலிக்காதான் அந்தத் தூளில் உள்ள விஷம்.

நுரையீரலின் காற்றறைகளில் மாக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் இருக்கின்றன. உள்ளே வரும் வேண்டாத பொருளை விழுங்கி அழிப்பது அவற்றின் வேலை. சிலிக்காத் தூளையும் விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடியாமல் செத்துப்போகின்றன. தூள் மறுபடி வெளியே வந்து அடுத்த செல்லைக் கொல்கிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி நடப்பதில் நுரையீரல் வடு விழுந்து இறுகிப்போவதுதான் சிலிக்கோசிஸ். காசநோய்க் கிருமியைப் பிடித்து அடைத்து வைப்பதும் இதே செல்கள்தான். நம் நாட்டில் பெரியவர்கள் பலருடைய உடம்பில் அந்தக் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. காவல் செல்கள் செத்துக்கொண்டே இருக்கும் நுரையீரலில் அது விழித்துக்கொள்ளும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். குவாரி, கிரஷர், வார்ப்பட ஆலை, கல் பாலிஷ் என எந்த வேலையானாலும், விட்டுவிட்டு வந்த பிறகும் இந்த ஆபத்து தீர்வதில்லை. உள்ளே போன தூள் அங்கேயே கிடக்கிறதே.

இருபது வருடம் கல் அறுத்த ஒருவர் இருமலோடு ஆஸ்பத்திரிக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். இங்கேதான் இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பாகத்தில் சிறு சிறு புள்ளிகள் தெரிகின்றன. காசநோயும் பெரும்பாலும் மேல்பாகத்தில்தான் தொடங்கும். சளியில் கிருமி இருக்கிறதா என்று உறுதி செய்யாமலே டி.பி. மாத்திரை எழுதிவிடுகிறார்கள். இருமல் நிற்காததால் மறுபடியும் ஒரு சுற்று மாத்திரை. ராஜஸ்தானின் கல் குவாரித் தொழிலாளர்கள் பலர் இப்படி ஆண்டுக்கணக்கில் காசநோயாளிகளாகவே நடத்தப்பட்டார்கள். இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ‘இவருக்குத்தான் ஏற்கெனவே சிலிக்கோசிஸ் இருக்கிறதே, இருமல் அதனால்தான்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே காசநோய் வளர்கிறது, வீட்டில் இருப்பவர்களுக்கும் பரவுகிறது.

இதைப் பிரித்தறிய பழைய எக்ஸ்ரே பெரிய துணை. சிலிக்கோசிஸ் வருடக்கணக்கில் மெல்ல நகரும், பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மட்டும் புதிதாக நிழல் விழுந்தாலோ, குழி தெரிந்தாலோ, சில மாதங்களிலேயே படம் மாறியிருந்தாலோ காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அடுத்து சளியை ட்ரூநாட் அல்லது சிபிநாட் கருவியில் பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். மைக்ராஸ்கோப்பில் தப்பிவிடும் கிருமியையும் இந்தப் பரிசோதனை பெரும்பாலும் பிடித்துவிடும், முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

இருமல் வரும் வரை காத்திருப்பதும் சரியல்ல. கல் வேலை செய்கிறவருக்கு இருமல் பழகிப்போன ஒன்று, ‘இருமல் உண்டா?’ என்று கேட்டு மட்டும் நோயைக் கண்டுபிடித்துவிட முடியாது. அதனால்தான் சிலிக்காத் தூசியில் வேலை செய்கிறவர்களையும் முன்பு செய்தவர்களையும் தேடிப் போய் முறையாகப் பரிசோதிக்கும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நடைமுறையில் அது ஆண்டுக்கொரு எக்ஸ்ரே, அதில் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனை என்று ஆகும். சிலிக்கோசிஸ் உறுதியானவர்களுக்குத் தூங்கும் கிருமிக்கான பரிசோதனையும் தடுப்பு மாத்திரையும் பரிந்துரைக்கப்படுகின்றன. ஆனால் நோய் இப்போது இல்லை என்று உறுதி செய்யாமல் தடுப்பு மாத்திரையைத் தொடங்கவே கூடாது. குறைந்த மருந்து கிடைத்த கிருமி மருந்துக்கே அடங்காததாக மாறிவிடும்.

பட்டறையில் எல்லோரும் முதலில் கேட்பது மாஸ்க்கைத்தான். என் கணக்கில் அது கடைசியில் வர வேண்டியது. ஒழுங்காகப் பொருந்திய என்95, தூசியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்பதுதான் தொழில் பாதுகாப்புக் கணக்கு. உலர்ந்த கல்லை அறுக்கும் இடத்தில் தூசி பாதுகாப்பு எல்லையைப் போல முப்பது மடங்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மாஸ்க் போட்ட பிறகும் மூன்று மடங்கு உள்ளே போகிறது. முகத்தில் சுற்றிய துண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிளேடு கல்லைத் தொடும் இடத்திலேயே தண்ணீர் விழச் செய்தால் தூசியில் பெரும்பகுதி கிளம்பாமலே அடங்கிவிடும். தண்ணீர் ஊற்ற முடியாத வேலைக்கு, தூசி எழும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய் வேண்டும். மாலையில் உலர்ந்த துடைப்பத்தால் கூட்டினால், படிந்த தூள் மறுபடி காற்றில் ஏறும். தரையை நனைத்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

இனி அந்தத் தொழிலாளியோடு ஆஸ்பத்திரிக்குள் போவோம். நர்ஸுக்கு ஆபத்து அதிகம் எங்கே? டி.பி. வார்டு என்றுதான் பலரும் சொல்வார்கள். சரியான மாத்திரை தொடங்கிய நோயாளியிடமிருந்து பரவுவது வேகமாகக் குறைந்துவிடுகிறது. ஆபத்தானவர், இன்னும் நோய் கண்டுபிடிக்கப்படாமல் ஓ.பி. கூடத்திலும் எக்ஸ்ரே அறை வாசலிலும் உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பவர். அதனால் சீட்டு போடும் இடத்திலேயே இருமுகிறவர்களைக் கேட்டறிந்து, ஒரு சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்து, காற்றோட்டமான தனி இடத்தில் உட்காரவைத்து, முதலில் உள்ளே அனுப்ப வேண்டும். சளியை அறைக்குள்ளோ கழிப்பறையிலோ எடுக்கச் சொல்லக் கூடாது. ஆள் நடமாட்டமில்லாத திறந்தவெளியில் எடுக்க வேண்டும்.

அடுத்தது காற்று. இருமும்போது வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். மணிக்கு இரண்டு முறை மட்டும் காற்று மாறும் அறையில், நோயாளி போன பிறகு 99 சதவீதம் நீங்க 138 நிமிடம் ஆகும். பன்னிரண்டு முறை மாறினால் 23 நிமிடம் போதும். சுவரில் மாட்டிய சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளிருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றிவிடுகிறது. ஏசிக்காக ஜன்னலை அடைத்த அறையில் நாள் முழுக்க உட்காரும் டாக்டரும் நர்ஸும்தான் அந்தக் காற்றை அதிகம் சுவாசிக்கிறார்கள். பெருவின் லிமா நகர மருத்துவமனைகளில் அளந்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய வார்டுகளில், ஜன்னல் கதவுகளைத் திறந்தபோது, இயந்திரக் காற்றோட்டம் வைத்த அறைகளைவிடப் பல மடங்கு காற்று மாறியது. எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டும் திறந்திருப்பதும், டாக்டர் காற்று வரும் பக்கமும் நோயாளி அது வெளியேறும் பக்கமும் உட்காருவதும் செலவில்லாத ஏற்பாடுகள். காற்று அசையாத நாளிலும் குளிர்கால இரவிலும் இது போதாது, அப்போது எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும்.

மூன்றாவதாக மாஸ்க். சர்ஜிக்கல் மாஸ்க் நோயாளிக்கு, என்95 ஊழியருக்கு. சர்ஜிக்கல் மாஸ்க் நோயாளியின் துளிகளைத் தடுக்கும், ஆனால் ஓரங்களில் இடைவெளி இருப்பதால் அணிந்தவர் உள்ளிழுக்கும் காற்றை வடிகட்டாது. என்95 ஒவ்வொரு முகத்துக்கும் பொருந்துகிறதா என்று ஒருமுறை சோதித்துவிட வேண்டும். மாஸ்க் போட்டவரின் தலைக்கு மேல் ஒரு மூடியைக் கவிழ்த்து, உள்ளே சாக்கரின் கரைசலைத் தெளிப்பார்கள். தலையைத் திருப்பும்போதோ, குனியும்போதோ, பேசும்போதோ நாக்கில் இனிப்பு தட்டினால் அந்த மாஸ்க் அவருக்கு ஆகாது, வேறு அளவு, வேறு மாடல் பார்க்க வேண்டும். தாடி இருந்தால் எந்த என்95-ம் முகத்தோடு ஒட்டாது.

கல் வேலை செய்தவர் டாக்டரைப் பார்க்கப் போகும்போது பழைய எக்ஸ்ரேயை எடுத்துப்போக வேண்டும். எத்தனை வருடம், என்ன கல், உலர்ந்த அறுப்பா ஈர அறுப்பா என்பதையும் தாமாகவே சொல்லிவிட வேண்டும். ஓ.பி. நெரிசலில் யாரும் அதைக் கேட்காமல் போகலாம்.