பிள்ளையார் கப்பல் ஏறும் கணக்கு

தாம்பரம் சானடோரியம் பக்கம் ஜிஎஸ்டி சாலையில் போகிறவர்களுக்கு மெப்ஸ் வளாகம் பழகிய இடம். ஏற்றுமதிக்கென்றே 1984இல் தொடங்கப்பட்டது. அதனாலோ என்னவோ, ஏற்றுமதி என்பது அந்தச் சுற்றுச்சுவருக்குள் மட்டும் நடக்கிற விஷயம் என்ற எண்ணம் இந்தப் புறநகரில் பலருக்கு உண்டு. சேலையூரில் வீட்டு மாடியில் கூடை முடைபவரும், கேளம்பாக்கம் தாண்டிக் கல் செதுக்குபவரும் இருந்த இடத்திலிருந்தே ஏற்றுமதி செய்யலாம். அதற்கு ஐஇசி எண் வேண்டும். பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருந்தால் வெளிநாட்டு வர்த்தக இயக்ககத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கிவிடலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதே தளத்தில் விவரங்களை உறுதிசெய்ய மறந்தால் எண் செயலிழந்துபோகும்.

எண் வாங்குவது சுலபம். வெளிநாட்டிலிருந்து முதல் விசாரணை வரும்போதுதான் திண்டாட்டம் தொடங்குகிறது. "ஒன்று என்ன விலை?" என்று கேட்பார்கள். பட்டறையில் சொல்லிப் பழகிய விலையை டாலருக்கு மாற்றிச் சொல்லிவிடுவது பலர் வழக்கம். நஷ்டம் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2017இல். அந்தப் பாணியில் கருங்கல்லில் செதுக்கிய சிறு பிள்ளையார். முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரம், நான்கு கிலோ எடை. சிங்கப்பூர்க் கடைக்காரர் ஒருவர் 120 கேட்கிறார். கீழே வரும் தொகைகள் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. அவரவர் பட்டறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

கல், கூலி, உளி தீட்டுவது, மின்சாரம், வாடகைப் பங்கு எல்லாம் சேர்த்து ஒரு சிலைக்கு 1,350 ரூபாய் ஆகிறது. தும்பிக்கை உடைந்தும் கல்லில் கீறல் விட்டும் வீணாகிறவற்றுக்காக 70 ரூபாய் சேர்க்க வேண்டும். உள்ளூர் விற்பனையில் இதை யாரும் எழுதிவைப்பதில்லை, உடைந்ததைச் செப்பனிட்டுக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடலாம். ஏற்றுமதியில் 120 என்றால் 120ம் ஒரே தரத்தில் இருந்தாக வேண்டும். பெட்டி, ஃபோம், அட்டை ஆகியவற்றுக்கு 110. ஆக 1,530, அதன்மேல் 20 சதவீத லாபம் 306. பட்டறை வாசலில் ஒரு பிள்ளையாரின் விலை 1,836 ரூபாய்.

இந்த விலையைச் சொன்னால் வாங்குபவர்தான் லாரி அனுப்ப வேண்டும், இந்தியச் சுங்க வேலையையும் அவரே பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவர் அதைச் செய்ய மாட்டார். சரக்கைச் சென்னைத் துறைமுகப் பக்கம் கொண்டுபோகும் லாரி வாடகை, கஸ்டம்ஸ் ஏஜென்ட் கட்டணம், கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் கையாளும் செலவு, சான்றிதழ், வங்கிக் கழிவு எல்லாம் சேர்ந்து 28,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 120ஆல் வகுத்தால் சிலைக்குச் சுமார் 238 ரூபாய். விலை 2,074 ஆகிறது. ஒரு டாலர் 85 ரூபாய் என்றால் 24.40 டாலர் வரும். 25 என்று சொல்வதே சரி. மேலே சேர்த்த அறுபது சென்ட், டாலர் இரண்டு ரூபாய் இறங்கி 83க்கு வந்தாலும் லாபம் கரையாமல் காக்கும்.

அந்த 28,500 ரூபாயைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சரக்கு குறைந்தால் அதே அளவுக்கு அது குறையாது. ஏஜென்ட் ஒரு ஷிப்பிங் பில்லுக்கு வாங்குவது பெரும்பாலும் ஒரே கட்டணம்தான், உள்ளே 20 சிலை இருந்தாலும் 120 இருந்தாலும். கடைக்காரர், "முதலில் 20 அனுப்புங்கள், போனால் மீதியை வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லி, 25 டாலர் விலையிலேயே நாமும் தலையாட்டினால், சிலைக்கு 1,425 ரூபாய் செலவு ஏறும். லாபம் 306தான். எனவே கடல்வழி விலையைச் சொல்லும்போது குறைந்தபட்ச எண்ணிக்கையையும் கூடவே எழுத வேண்டும். எத்தனைக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதை இந்த நிலையான செலவுதான் முடிவுசெய்கிறது.

இனி, 25 டாலர் என்பது எந்த இடம் வரைக்கும்? பாரிஸில் உள்ள சர்வதேச வணிகச் சபை 1936 முதல் வெளியிட்டுவரும் இன்கோடெர்ம்ஸ் விதிகள் பதில் சொல்வது இதற்குத்தான். செலவு யாருடையது, பொருள் உடைந்தால் யார் தலையில், அது எந்தப் புள்ளியில் கைமாறுகிறது என்பதை அவை வரையறுக்கின்றன. இப்போது நடப்பில் இருப்பது 2020 பதிப்பு.

நம் ஊரில் எல்லாரும் பழக்கத்தில் சொல்வது எஃப்ஓபி சென்னை. அதன்படி சரக்கு கப்பலில் ஏறும் வரை பொறுப்பு விற்பவருடையது. 120 சிலைக்குத் தனிக் கன்டெய்னர் கிடையாது. ஒன்றரை கன மீட்டர்தான் வரும். பலருடைய சரக்கோடு சேர்த்து அனுப்புவார்கள். சரக்கு நிலையத்தில் நம் பெட்டியை ஒப்படைத்ததோடு அது நம் கண்ணை விட்டுப் போய்விடுகிறது. கன்டெய்னரில் அடைப்பது வேறு யாரோ, கப்பல் ஏறுவது சில நாள் கழித்து. அந்த இடைவெளியில் ஃபோர்க்லிஃப்ட் இடித்துப் பெட்டி நொறுங்கினால் எஃப்ஓபிப்படி நஷ்டம் நம்முடையது. எஃப்சிஏ என்று எழுதிச் சரக்கு நிலையத்தின் பெயரைக் குறிப்பிட்டால், ஒப்படைத்த கணமே பொறுப்பு மாறிவிடும். கன்டெய்னர் சரக்குக்கு வணிகச் சபையே பரிந்துரைப்பதும் இதைத்தான். ஷிப்பிங் பில்லில் எஃப்ஓபி மதிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அது சுங்கத் துறைக்கான மதிப்புக் கணக்கு, வாங்குபவரோடு செய்த ஒப்பந்தம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் எஃப்ஓபி நம் நாக்கில் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

கடைக்காரர் சிஐஎஃப் சிங்கப்பூர் கேட்டால் கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் நாம் சேர்க்க வேண்டும். இரண்டும் 12,000 ரூபாய் என்றால் சிலைக்கு 100 ரூபாய், அதாவது விலை 26.20 டாலர். இதில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது காப்பீடு. சிஐஎஃப் விதி கேட்பது மிகக் குறைந்த பாதுகாப்பான 'சி' பிரிவை. கப்பல் மூழ்குவது, தீப்பிடிப்பது போன்ற பெரிய விபத்துக்குத்தான் அது பணம் தரும். கல் பிள்ளையாருக்குக் கப்பல் மூழ்குவதைவிடப் பெரிய ஆபத்து பெட்டியைத் தொப்பென்று போடுவது. அதற்கு 'ஏ' பிரிவு பாலிசி வேண்டும் என்று ஏஜென்டிடம் கேட்டு வாங்க வேண்டும், இன்வாய்ஸ் மதிப்பில் 110 சதவீதத்துக்கு. இரண்டாவது கப்பல் கட்டணம். சேர்ப்புச் சரக்கை எடுக்கும் சில நிறுவனங்கள் இங்கே மிகக் குறைந்த கட்டணம் சொல்லிவிட்டு, அக்கரையில் வாங்குபவரிடம் இறக்குகூலி, ஆவணக் கட்டணம் என்று தீட்டிவிடும். கடைக்காரர் கோபத்தோடு நமக்குத்தான் போன் செய்வார். அங்கே வசூலிக்கப்போகும் கட்டணப் பட்டியலையும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கி அவருக்கு அனுப்பிவிட்டால் அந்தப் போன் வராது.

ஆவணங்களுக்கு வருவோம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், கப்பல் ரசீது ஆகிய நான்கும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். எண்ணிக்கையோ எடையோ ஒன்றில் மாறினாலும் சரக்கு நிற்கும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் ஆர்எஃப்டி-11 படிவத்தில் உறுதிமொழிக் கடிதம் பதிந்துவிட்டால் வரி கட்டாமலே அனுப்பலாம். அது ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும், ஏப்ரலில் புதிதாகப் பதிய வேண்டும்.

கற்சிலைக்கு மட்டும் இன்னொரு சிக்கல், அதுவும் தமிழ்நாட்டில் கூடுதலாக. ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் கடத்தப்பட்டு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்குப் போய், 2014இல் திரும்பி வந்த கதை நினைவிருக்கும். திருட்டுச் சிலைகளைப் புதிய கைவினைப் பொருள் என்று காகிதத்தில் எழுதி அனுப்புவது கடத்தல்காரர்களின் பழைய உத்தி. எனவே நிஜமாகவே போன மாதம் செதுக்கிய பிள்ளையாரையும் சுங்க அதிகாரி சந்தேகத்தோடு பார்ப்பதைக் குறைசொல்ல முடியாது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத வயதுள்ள சிலை தொல்பொருள். அதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. நம் சிலை அப்படியானதல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை ஒரு சான்று தரும். புகைப்படமும் அளவும் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும், அதிகாரிகள் பொருளைப் பார்க்கவும் கேட்கலாம். கப்பலுக்கு இரண்டு நாள் முன்பு ஓடினால் கிடைக்காது. சிலைகள் முடிந்ததும், பெட்டியில் அடைப்பதற்கு முன், இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டும். பழைய தோற்றத்துக்காகச் சாயம் ஏற்றிக் கறுக்கவைத்த சிலைகள் என்றால் கேள்வி அதிகமாகவே வரும்.

சரக்கின் வகை எண்ணிலும் சிலர் சறுக்குகிறார்கள். சிலை என்றதும் கலைப் படைப்புக்கான 9703ஐப் போட்டுவிடுகிறார்கள். வணிக நோக்கில் செய்யும் மரபான கைவினைப் பொருளை அந்த வகையில் சேர்க்கக் கூடாது என்று அந்த அத்தியாயத்தின் குறிப்பே சொல்கிறது. ஒரே அச்சில் 120 பிள்ளையார் என்றால் இடம் 6802தான், செதுக்கிய கல்லுக்கான தலைப்பு. கருங்கல்லுக்கு அதில் 6802 93. மாக்கல்லுக்கு 6802 99. இன்வாய்ஸிலும் "கைவினைப் பொருள், 120" என்று மொட்டையாக எழுதாமல், கருங்கல், கையால் செதுக்கியது, புதியது, உயரம் இவ்வளவு என்று எழுத வேண்டும்.

பெட்டி மரத்தில் என்றால் 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் பதப்படுத்திய முத்திரை பல நாடுகளில் கட்டாயம். பிளைவுட் பெட்டிக்கு அந்த விதி இல்லை, சிறு பட்டறைக்கு அதுவே லாபம். பூர்வீகச் சான்றிதழை வரிச் சலுகைக்காக எல்லா நாட்டுக்கும் வாங்குவதும் வீண்செலவு. சிங்கப்பூரில் இந்தப் பொருளுக்கு இறக்குமதித் தீர்வையே கிடையாது, கடைக்காரர் 9 சதவீத ஜிஎஸ்டி மட்டும் கட்டுவார். கடைக்காரராகக் கேட்டால் ஒழிய அந்தக் காகிதம் அவருக்குப் பயன்படாது.

அந்த 20 சிலை ஆர்டரை என்ன செய்வது? கடல்வழியை விட்டுவிட்டு அஞ்சல் அல்லது கூரியரில் போகலாம். அஞ்சல் துறையின் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' வசதியில் சுங்கப் படிவத்தை இணையத்திலேயே நிரப்பலாம். ஏஜென்ட் தேவையில்லை. கட்டணம் எடைக்குத்தான், கல்லுக்கு அது கனமாகவே விழும். ஆனாலும் 28,500 ரூபாய்ச் சுமை இல்லை. பனை ஓலைக் கூடைக்காரருக்குக் கணக்கு தலைகீழ். 40 சென்டிமீட்டர் சதுரப் பெட்டியில் ஒரு கிலோ கூடை வைத்தாலும், நீள அகல உயரத்தைப் பெருக்கி 5,000ஆல் வகுத்து 12.8 கிலோவுக்குக் கூரியர் கட்டணம் கேட்பார்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அளவுகளில் முடைந்து அடுக்கி அனுப்பினால்தான் கட்டும்.

அமெரிக்காவுக்கு என்றால் வேறு கவனம் வேண்டும். 800 டாலர் வரை இருந்த வரிவிலக்கை அவர்கள் 2025 ஆகஸ்ட் 29இல் நிறுத்தினார்கள். இந்திய அஞ்சல் துறை சரக்கு வாங்குவதையே சில வாரம் நிறுத்திவிட்டு, அக்டோபரில் மீண்டும் தொடங்கியது, தீர்வையை இங்கேயே முன்கூட்டிக் கட்டும் முறையில். ஆக அமெரிக்க வாடிக்கையாளருக்கு அஞ்சலில் அனுப்புகிறவர் சொல்லும் விலையில் அந்நாட்டுத் தீர்வையும் அடங்கியிருக்க வேண்டும். விகிதம் அடிக்கடி மாறுவதால், விலைப் பட்டியலில் "இத்தனாம் தேதி வரை செல்லும்" என்ற வரி இல்லாமல் அனுப்பக் கூடாது. பதினைந்து நாளுக்கு மேல் அந்தத் தேதியை நீட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.