கூட்டினால் தவறும், பெருக்கினால் பொருந்தும்

நமது சங்கங்களின் ஆண்டுக் கணக்கில் யந்திரத் தேய்மானம் என்று ஓர் இனம் உண்டு. நூற்றுக்குப் பதினைந்து வீதம் ஐந்து ஆண்டுகள் தேய்ந்தது என்றதும், மொத்தத் தேய்மானம் எழுபத்தைந்து வீதம் என்று சொல்லிவிடும் அங்கத்தினர்கள் பலர். அசல் விலையின் மீதே ஆண்டுதோறும் கழிக்கும் முறைக்கு அது பொருந்தும். ஆனால், வருமான வரிக் கணக்கில் பெரும்பாலும் கையாளப்படுவதும், சங்கங்கள் பலவற்றில் வழங்குவதுமாகிய முறை வேறு. அதில் ஒவ்வோராண்டும் அவ்வாண்டின் தொடக்கத்தில் எஞ்சி நிற்கும் மதிப்பின் மீதே வீதம் கணக்கிடப்படுகிறது. அதாவது, வீதம் மாறாவிட்டாலும் அது எதன் மீது கணக்கிடப்படுகிறதோ அந்தத் தொகை ஆண்டுதோறும் மாறுகிறது.

பாவு ஓட்டும் யந்திரம் ஒன்றை ரூ. 4,00,000க்கு வாங்கியதாகக் கொள்வோம். பதினைந்து வீதம் கழிந்தால் எஞ்சுவது எண்பத்தைந்து வீதம். எனவே கழித்தல் வேலையே வேண்டாம், 0.85 என்ற எண்ணால் பெருக்கினால் போதும். முதலாண்டு முடிவில் ரூ. 3,40,000, இரண்டாமாண்டு 2,89,000, மூன்றாமாண்டு 2,45,650, நான்காமாண்டு 2,08,802, ஐந்தாமாண்டு ஏறக்குறைய 1,77,482. எழுபத்தைந்து வீதம் கழித்தவருக்கோ ஒரு லட்சமே மிஞ்சும். அவர் அதே வழியில் ஏழாமாண்டுக்குச் சென்றால் நூற்றைந்து வீதம் கழிக்க நேரிட்டு, யந்திரத்தின் விலை பூஜ்யத்திற்கும் கீழே போய்விடும்! வழி தவறியது என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டுவதில்லை. பெருக்கும் முறையில் மதிப்பு குறைந்துகொண்டே வருமேயன்றி ஒருநாளும் பூஜ்யமாவதில்லை.

பழைய யந்திரத்தை மற்றொரு சங்கத்திலிருந்து வாங்கும்போது இதே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டியிருக்கும். மூன்றாண்டு தேய்ந்தபின் புத்தக மதிப்பு ரூ. 2,45,650 என்று காட்டுகிறார்கள். அசல் விலை என்ன? பதினைந்து வீதம் குறைந்ததால் பதினைந்து வீதம் ஏற்றினால் சரியாகும் என்று மூன்று தடவை ஏற்றிப் பார்ப்பவருக்குக் கிடைப்பது ரூ. 3,73,603. இருபத்தாறாயிரத்துச் சொச்சம் துண்டு விழுகிறது. 0.85 ஆல் மூன்று தடவை வகுப்பதே முறை. அப்போது நான்கு லட்சம் பிசகாமல் திரும்ப வரும்.

வளர்ச்சியிலும் கணக்கு இதுவே. பெருக்கும் எண் மட்டும் ஒன்றைவிடப் பெரிது. நம் மாநிலத்தின் ஜனத்தொகையையே எடுத்துக்கொள்வோம். அந்நாளில் சென்னை ராஜ்யம் எனப் பெயர் கொண்டிருந்த இந்நாட்டில், 1961ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி 336.87 லட்சம் மக்கள் இருந்தனர். 1971 வரையிலான பத்தாண்டில் 22.3 வீதமும், அடுத்த பத்தாண்டில் 17.5 வீதமும், அதற்கடுத்ததில் 15.4 வீதமும் ஏற்றம் கண்டது. இம்மூன்றையும் கூட்டினால் 55.2 வீதம்; அவ்வாறாயின் ஏற்றம் சுமார் 186 லட்சம் ஆகும். ஆனால் 1991இல் எண்ணியபோது இருந்தவர்கள் 558.59 லட்சம். ஏற்றமோ கிட்டத்தட்ட 222 லட்சம். கூட்டியவரின் கணக்கில் முப்பத்தாறு லட்சம் பேர் காணாமற்போயினர்! 1971க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுள் பலர், 1961க்கும் 1971க்கும் இடையில் கூடியவர்களின் மக்களேயாவர். இரண்டாம் வீதம் இவர்கள் மீதும் ஏறியாக வேண்டுமல்லவா? 1.223, 1.175, 1.154 ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள், 1.658 வரும். அதனால் 336.87ஐப் பெருக்கினால் குடிக்கணக்கு எண்ணை ஏறக்குறைய எட்டிவிடுகிறோம். எந்த வீதத்தை முதலில் வைத்துப் பெருக்கினாலும் முடிவு மாறுவதில்லை.

ஆயினும் பெருக்கும் எண் கடந்த காலத்தைத்தான் சரியாகச் சொல்லும். 1991 முதல் 2001 வரை ஏற்றம் 11.7 வீதமாகத் தணிந்தது. அதே வீதம் நீடிக்கும் என்று நம்பி 2001ஆம் ஆண்டின் 624.06 லட்சத்தை 1.117 ஆல் பெருக்கியிருந்தால், 2011க்கு 697 லட்சம் என்று முடிவாகியிருக்கும். அவ்வாண்டில் எண்ணப்பட்டதோ 721.47 லட்சம். பிசகு பெருக்கலில் இல்லை, எடுத்துக்கொண்ட வீதத்தில்தான்.

யந்திரத்திற்கும் இவ்வெச்சரிக்கை உண்டு. ஐந்தாண்டில் தேய்மானமாக ஒதுக்கிய ரூ. 2,22,518உடன், பழைய யந்திரத்தைப் புத்தக மதிப்புக்கே விற்ற ரூ. 1,77,482ஐயும் சேர்த்தால் நான்கு லட்சம்தான் கையில் இருக்கும். புதிய யந்திரத்தின் விலை ஆண்டுக்கு ஆறு வீதம் ஏறியிருந்தாலோ, 1.06ஐ ஐந்து தடவை பெருக்க வேண்டும். விலை ஏறக்குறைய ரூ. 5,35,290 ஆகிறது. குறையும் ரூ. 1,35,290ஐ எந்த நிதியிலிருந்து எடுப்பது என்பதை நிர்வாகக் குழு முதலாண்டிலேயே தீர்மானித்து ஒதுக்கத் தொடங்குவது நலம்.