பூவா தலையா என்பதற்கு முன்பு விளிம்பு

பாட்டியின் தகரப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளி ரூபாய் கிடைக்கிறது. நாணயம் சேர்க்கத் தொடங்கியிருக்கும் பேரன் அதை ஒரு காகித உறையில் போட்டு, மேலே 'ஜார்ஜ் ராஜா வெள்ளி ரூபாய், பழசு' என்று எழுதி வைக்கிறான். பத்து வருடம் கழித்து அந்த உறையை எடுத்துப் படிப்பவருக்கு இந்தக் குறிப்பால் எந்தப் பயனும் இல்லை. எந்த ஜார்ஜ், எவ்வளவு வெள்ளி, எந்த நிலையில் இருந்தது என்று மூன்று கேள்விகள் அப்படியே நிற்கின்றன. நாணயத்தையே கேட்டால் மூன்றுக்கும் பதில் வரும்.

முதலில் எழுத்து. தலைப் பக்கத்தில் மகுடம் சூடிய அரசரைச் சுற்றி ஆங்கிலத்தில் பெயரும் 'கிங் எம்பெரர்' என்ற பட்டமும் இருக்கும். பெயருக்குப் பின்னால் வரும் ரோமன் எண்ணில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். அது ஐந்தா ஆறா என்று தேய்ந்த காசில் தெரியாவிட்டால் முகத்தைப் பார்த்தால் போதும்: ஐந்தாம் ஜார்ஜுக்குத் தாடி உண்டு, ஆறாம் ஜார்ஜுக்கு இல்லை. பூப் பக்கத்தில் மலர் வளையத்துக்குள் மதிப்பு, நாட்டின் பெயர், ஆண்டு ஆகியவை ஆங்கிலத்திலும், 'யக் ரூபியா' என்பது உருது எழுத்திலும் இருக்கும். வளையத்தின் அடிப்பகுதியை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். பம்பாய் அக்கசாலை அங்கே ஒரு சிறு புள்ளியையோ சாய்சதுரத்தையோ இட்டது. லாகூர் அக்கசாலை தன் பெயரின் முதல் ஆங்கில எழுத்தை இட்டது. பார்த்ததை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். படிக்க முடியாத எழுத்தை ஊகித்து நிரப்பக் கூடாது; அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு விடுவதே நேர்மை.

பாட்டியின் காசில் ஆண்டு 1944, அடியில் சாய்சதுரம். அப்படியானால் ஆறாம் ஜார்ஜ், பம்பாய். சரி, அது வெள்ளியா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆறாம் ஜார்ஜின் காலத்தில் ரூபாயின் உலோகம் இரண்டு முறை மாறியது. 1938, 1939 ஆண்டுக் காசுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 92 பங்கு வெள்ளி. போர் வந்ததும் மக்கள் வெள்ளிக் காசைப் பதுக்கத் தொடங்கினார்கள். 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியில் 40 பங்கு செம்பு, ஐந்தைந்து பங்கு நிக்கலும் துத்தநாகமும். 1947இல் வந்த ரூபாயில் வெள்ளியே இல்லை, முழுக்க நிக்கல். அதன் பின்பக்கத்தில் புலி நடந்து போகும். எடை மட்டும் மூன்றுக்கும் ஒன்றுதான், 11.66 கிராம். அதுதான் பழைய தோலாக் கணக்கு. ஆகவே தராசில் வைத்து மட்டும் இவற்றைப் பிரிக்க முடியாது.

நிக்கல் ரூபாயைக் காந்தம் இழுக்கும், அதோடு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. மற்ற இரண்டையும் பிரிக்க ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். நகைக் கடையில் இருப்பது போன்ற, நூற்றில் ஒரு கிராம் வரை காட்டும் சின்ன மின் தராசில் காசை முதலில் உலர்வாக நிறுத்துக்கொள்ள வேண்டும். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிட வேண்டும். காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும். மெல்ல ஆட்டிக் குமிழியை உதிர்த்துவிடலாம். அப்போது தராசு காட்டும் எண், காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. பாட்டியின் காசு உலர்வாக 11.54 கிராம், தண்ணீரில் 1.21. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 9.5 வருகிறது. பாதி வெள்ளிக் கலவைக்கு வர வேண்டிய எண் அதை ஒட்டியதுதான். 1938ஆம் ஆண்டு ரூபாயாக இருந்தால் 10.3 வந்திருக்கும். ஆண்டும் உலோகமும் ஒத்துப்போகின்றன.

அடுத்து விளிம்பு. காசை முகத்துக்கு நேரே குறுக்காகப் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். பழைய வெள்ளி ரூபாயின் விளிம்பில் சீப்புப் பல் போல நேர்க்கோடுகள் மட்டும் இருக்கும். 1940இல் வந்த பாதி வெள்ளி ரூபாயில் அந்தக் கோடுகளின் நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடும், பள்ளத்துக்குள் சிறு அலங்காரம் தொடரும். கள்ள நாணயக்காரர்களைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது. அச்சு எடுத்து வார்ப்பவரால் இரு முகங்களையும் ஓரளவு நகலெடுக்க முடியும். பள்ளத்துக்குள் இருப்பதைத் தெளிவாக வார்ப்பது கடினம். வார்த்த காசில் இரண்டு பாதி அச்சுகளும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு தெரியும், அதை அரத்தால் ராவியிருந்தால் அங்கே மட்டும் பற்கள் மழுங்கியிருக்கும்.

இந்த ஒரு அடையாளம் இன்றும் பணத்தைக் காப்பாற்றுகிறது. 1939ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது, விலையும் அதிகம். அதனால் நாற்பதுகளின் மலிவான ரூபாயில் ஆண்டைச் செதுக்கி 1939 ஆக்கி விற்பவர்கள் உண்டு. எண்ணை எவ்வளவு நேர்த்தியாக மாற்றினாலும் விளிம்பில் பள்ளம் ஓடினால் அது 1939 இல்லை. 1938இன் எட்டை ஒன்பதாக்கியிருந்தால் விளிம்பு உதவாது. அப்போது கடைசி எண்ணையும் அதைச் சுற்றியுள்ள தளத்தையும் லென்ஸில் பார்த்து, மற்ற எண்களோடு உயரத்தையும் வளைவையும் ஒப்பிட வேண்டும்.

பாட்டியின் காசில் பள்ளம் இருக்கிறது, அலங்காரமும் தெளிவு. ஆனால் மகுடத்துக்கு நேர் மேலே, விளிம்பில் அரிசி அகலத்துக்குப் பற்கள் உருகி மூடியிருக்கின்றன. யாரோ வளையம் பற்றவைத்துச் சங்கிலியில் கோத்திருந்த காசு. நம் வீடுகளில் கிடைக்கும் ரூபாய்களில் இது அடிக்கடி காணும் தடம். விலையைக் குறைக்கும் என்றாலும் குறிப்பில் இடம்பெற்றே ஆக வேண்டும்.

கடைசியாகத் தேய்மானம். மேடான இடமே முதலில் தேயும். ஆறாம் ஜார்ஜின் தலையில் அவை புருவம், காதுக்கு மேலுள்ள முடி, மகுடத்தின் முத்துகள். முத்துகள் தனித்தனியாக நின்றால் காசு அதிகம் புழங்கவில்லை. ஒன்றோடொன்று இழைந்து கோடானால் நடுத்தரம். மகுடம் வெறும் மேடாகிவிட்டால் நன்றாகப் புழங்கிய காசு. அச்சு சரியாக விழாத காசும் தேய்ந்தது போலத் தெரியும் என்பதால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேய்ந்த மேடு வழவழவென்று மின்னும். அச்சு விழாத மேட்டில் உலோகத்தின் பழைய சொரசொரப்பு அப்படியே இருக்கும்.

புளி போட்டுத் தேய்த்த காசையும் இங்கே கண்டுகொள்ளலாம். கருமை முழுதும் போய் வெளுத்திருக்கும், சாய்த்துப் பிடித்தால் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடும். குத்துவிளக்குக்குச் செய்யும் உபசாரத்தைக் காசுக்குச் செய்ததால் வந்த வினை அது. போன மேல்தோல் திரும்ப வராது, தேய்த்த காசைச் சேகரிப்பாளர்கள் பாதி விலைக்குக் கூட விரும்புவதில்லை.

பேரன் பழைய உறையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறான்: 'இந்தியா, ஒரு ரூபாய், ஆறாம் ஜார்ஜ், 1944, பம்பாய், அடியில் சாய்சதுரம். பாதி வெள்ளி, நீரில் சோதித்தது, 9.5. எடை 11.54 கிராம். விளிம்பில் பற்கள், நடுவே அலங்காரப் பள்ளம். மகுடத்துக்கு மேலே வளையம் பற்றவைத்த தடம். மகுட முத்துகள் பாதி இழைந்தவை, புருவம் தட்டை, எழுத்துகள் முழுமை. தேய்த்துக் கழுவிய அடையாளம் இல்லை. பாட்டியின் பெட்டியிலிருந்து.'