பேர் போட்டாயிற்றா?

தோட்டத்துப் பேச்சில் "பேர்" என்றால் ஒரு நாள் சம்பளம். "அரைப் பேர்" என்றால் அரை நாள் சம்பளம். பெரட்டுக் களத்தில் செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்ட நாள்முதல், ஆளின் பெயரும் அவருடைய கூலியும் ஒரே சொல்லாகிவிட்டன. இப்பொழுது சில தோட்டங்களில் செக்ரோல் புத்தகம் போய், கையடக்கக் கருவி வந்திருக்கிறது. காலையில் அக்கருவியைத் திறப்பவர் யார், அவர் எதைச் செய்யலாம் என்பதைப் பொறுத்தே அன்றைய பேர் நிற்கிறது.

இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். சப்பிரகமுவவின் இரப்பர்த் தோட்டங்களைப் பார்த்தால் இது நன்கு விளங்கும். எட்டியாந்தோட்டைப் பக்கத்தில் பெரட்டுக்கு வந்து நிற்பவரை எல்லாருக்கும் தெரிந்திருக்கலாம். அதனால் அவரிடம் பால்வெட்டும் கத்தியைக் கொடுத்துவிட முடியுமா? பழகாத கை பட்டையை ஆழமாக வெட்டினால் உள்ளிருக்கும் வளர்படை காயப்படும். புதுப் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். அவ்விடத்தில் மீண்டும் வெட்ட இயலாது. ஆகவே ஆளை அறிவது ஒன்று, அவருக்கு மரங்களை ஒதுக்குவது வேறொன்று.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டைக் கசப்பாகவே அறிந்திருந்தனர். ஒரு தோட்டத்தில் கடன்பட்ட தொழிலாளி யாரென்று ஊருக்கே தெரிந்தாலும், கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்பதாகத் துரை எழுதிய "துண்டு" இல்லாமல் வேறு தோட்டத்தில் அவரால் பேர் பதிய முடியாது. 1921-ஆம் ஆண்டில்தான் சட்டம் அதனை ஒழித்தது.

கருவிக்கு வருவோம். ஒரு பிரிவில் அறுபது பேர் என்று வைத்துக்கொள்வோம். அதிகாலையில் கணக்கப்பிள்ளை தம் பெயரையும் இரகசிய இலக்கத்தையும் பதிகிறார். கருவி அவரை அறிந்துகொண்டு, அவருடைய பிரிவின் பெயர்ப்பட்டியலை மட்டும் திறக்கிறது. வந்தவர்களைக் குறிக்கலாம், வேலையைப் பிரிக்கலாம். நேற்றைய பேரைத் திருத்த அவரால் முடியாது. அந்த அதிகாரம் துரையிடம் இருக்கிறது. குறித்தவரே திருத்தவும் கூடுமானால் சம்பளக் கணக்கை யார் நம்புவார்?

ஒரு நாள் கணக்கப்பிள்ளைக்குக் காய்ச்சல். மாற்றாக வந்தவருக்கு இலக்கத்தைத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். உதவி என்றுதான் இருவரும் நினைக்கிறார்கள். அன்று மழையில் பட்டை நனைந்து பால்வெட்டு நின்று, ஆட்கள் புல்வெட்டப் போனார்கள். மாதக் கடைசியில் ஓர் அம்மாள், "எனக்கு இருபத்தைந்து பேர் வரவேண்டும், இருபத்து நான்குதான் இருக்கிறது" என்கிறார். பதிவைத் திறந்தால், வீட்டில் படுத்திருந்தவரே அவரை வராதவர் என்று குறித்ததாக இருக்கிறது! கேட்கவும் ஆளில்லை, பதில் சொல்லவும் ஆளில்லை. மாற்றாளுக்கு அவருடைய சொந்தப் பெயரிலேயே, அந்தப் பிரிவுக்கு மட்டும், அந்த நாளோடு முடியும்படி அனுமதி கொடுத்திருந்தால் இந்த வழக்கு எழுந்திராது.

மலைச்சரிவில் தொலைபேசி அலை எட்டாத இடங்களும் உண்டு. அங்கே கருவி, அலுவலகத்திலிருந்து கடைசியாகப் பெற்ற அனுமதியை வைத்தே வேலை செய்யும். நேற்று வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டவருக்கும் இன்று பழைய பட்டியலே திறக்கக்கூடும். எனவே முதற்பெயரைக் கூப்பிடுமுன், திரையில் தம் பெயர், பிரிவு, திகதி மூன்றும் சரியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அரை நிமிட வேலைதான். ஒன்று தவறினாலும் குறிப்பதை நிறுத்தி, தாளில் எழுதிக்கொள்வதே நல்லது.

தொழிலாளியே விரல்ரேகை வைக்கும் கருவி என்றால் இன்னொரு சங்கடம். கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை மங்கிவிடும்; மழை ஈரமும் சேர்ந்தால் கருவி மறுத்துவிடும். ஓர் ஆளுக்குப் பத்து விநாடி என்றால் அறுபது பேருக்குப் பத்து நிமிடம். பத்துப் பேரை அது மறுத்து, ஒவ்வொருவருக்கும் அரை நிமிடம் கூடினால் மேலும் ஐந்து நிமிடம். வெயில் ஏற ஏற மரத்தினுள் அழுத்தம் குறைந்து பால் சுருங்கும் என்பதால் வெட்டுகாரருக்கு அந்த நேரமும் பணந்தான். பதியும்போதே ஒன்றுக்கு நான்கு விரல்களைப் பதிந்து வைத்தால் ஓரளவு தப்பலாம். அதுவும் முடியாதபோது அட்டையைக் காட்டச் செய்து, கணக்கப்பிள்ளை முகம் பார்த்து அனுமதித்து, "ரேகை விழவில்லை" என்ற காரணத்தையும் பதிய வேண்டும். அட்டை மட்டும் போதாது. அதை அண்ணன் கையில் தம்பியும் கொடுத்தனுப்பலாமே!

அந்தக் காரணப் பதிவுகளை வாரந்தோறும் எடுத்துப் பார்த்தால் எவருடைய விரலை மீண்டும் பதியவேண்டும் என்பது தெரியும். ஒரே கணக்கப்பிள்ளை, ஒரே ஆளுக்கு, நாள்தோறும் அவ்வாறு அனுமதித்திருந்தால் துரை நேரில் பெரட்டுக்கு வந்து பார்க்கவேண்டியதுதான்.